மார்க் ஏறுகிறதா, இறங்குகிறதா? ஒரு மாணவனுக்கு ஒரு போக்குக் கோடு

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் டியூஷன் எடுப்பவர்களிடம் ஜனவரி மாதம் கட்டாயம் ஒரு கேள்வி வரும். பத்தாம் வகுப்பு முதல் திருப்புதல் தேர்வு முடிந்து விடைத்தாள் கைக்கு வந்திருக்கும். காசிமேட்டில் மீன் ஏலத்துக்குப் போய்விட்டு அப்படியே நேராக வந்த ஒரு அம்மா, மகனின் ரேங்க் கார்டை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்: “இன்னா சார், ஒம்பதாவதுல கணக்குல அறுவதுகிட்ட வாங்குனான். இப்போ அம்பதுலயே நிக்கிறான். டியூஷனுக்கு அனுப்புறதுல பிரயோஜனம் இருக்கா, இல்லையா?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் பெரும்பாலும் நாம் இதற்கு இரண்டே இரண்டு எண்களை வைத்துப் பதில் சொல்லிவிடுகிறோம். முதல் தேர்வில் 58, கடைசித் தேர்வில் 50, ஆக எட்டு மார்க் குறைந்துவிட்டது என்கிறார் ஒருவர். போன தேர்வில் 44, இப்போது 50, ஆக ஆறு மார்க் ஏறியிருக்கிறான் என்கிறார் இன்னொருவர். இரண்டு பேரும் அதே ரேங்க் கார்டைத்தான் பார்க்கிறார்கள். எந்த இரண்டு எண்ணை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது என்றால், கையில் இருக்கும் எல்லா எண்களையும் சேர்த்துப் பார்க்க ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் போக்குக் கோடு. ‘டிரெண்ட் லைன்’ என்றால் கணினி தெரிந்தவர்களுக்கு உடனே புரியும்.

அந்தப் பையனின் கணக்கு மதிப்பெண்களையே எடுத்துக்கொள்வோம். ஒன்பதாம் வகுப்பின் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு, அப்புறம் பத்தாம் வகுப்பின் காலாண்டு, அரையாண்டு, முதல் திருப்புதல் என்று மொத்தம் ஆறு தேர்வுகள். ஆறுமே நூற்றுக்கு நடந்தவை. வரிசையாக 58, 52, 61, 47, 44, 50. இதில் இருபது மார்க் ஸ்லிப் டெஸ்ட்டைக் கலக்கக் கூடாது. ஒரே ஒரு அத்தியாயத்தில் வைத்த இருபது மார்க் டெஸ்ட்டில் 18 வாங்குவதும், பல அத்தியாயங்களைச் சேர்த்துக் கேட்கும் அரையாண்டில் 90 வாங்குவதும் சதவீதத்தில் ஒன்றுதான், சாதிப்பில் ஒன்றல்ல. ஐந்து பாட மொத்தத்தையும் இதற்கு எடுக்காதீர்கள். தமிழில் ஏறிய பத்து மார்க், கணக்கில் இறங்கிய பத்து மார்க்கை மறைத்துவிடும். பாடத்துக்கு ஒரு கோடு போடுவதே சரி.

ஒரு கிராஃப் தாளில் கீழே தேர்வு எண் 1 முதல் 6 வரை, பக்கத்தில் மார்க் என்று வைத்து ஆறு புள்ளிகளைக் குறியுங்கள். புள்ளிகள் மேலும் கீழுமாகச் சிதறியிருக்கும். அவற்றுக்கு நடுவே போகக்கூடிய ஒரே ஒரு நேர்கோட்டைத் தேடுகிறோம். கண் மதிப்பில் பத்துப் பேர் போட்டால் பத்துக் கோடு வரும். அதனால் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கோட்டுக்கு நேர் மேலாகவோ கீழாகவோ எவ்வளவு தூரம் என்று அளந்து, அந்தத் தூரங்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால், எந்தக் கோட்டுக்குக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வருகிறதோ அதுதான் போக்குக் கோடு. பத்தாம் வகுப்புக் கணக்கில் வரும் ‘சாய்வு’ இங்கே வேலைக்கு வருகிறது. ஒரு தேர்விலிருந்து அடுத்த தேர்வுக்குப் போகும்போது கோடு எத்தனை மார்க் ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்பதே அதன் சாய்வு.

இதைக் கையாலேயே போட்டுவிடலாம். ஆறு மார்க்கின் சராசரி 52. தேர்வு எண்களின் சராசரி 3.5. ஒவ்வொரு தேர்வுக்கும், எண் தன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, மார்க் தன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று எழுதி இரண்டையும் பெருக்க வேண்டும். முதல் தேர்வுக்கு −2.5, 6, பெருக்கினால் −15. இரண்டாவதில் மார்க் சரியாகச் சராசரியிலேயே இருப்பதால் பூஜ்யம். மூன்றாவதில் −0.5, 9, பெருக்கினால் −4.5. இப்படியே மற்ற மூன்றுக்கும் −2.5, −12, −5 என்று வரும். ஆறையும் கூட்டினால் −39. இதைத் தேர்வு எண்களின் விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும். ஆறு தேர்வுகளுக்கு அது எப்போதும் 17.5 தான். −39-ஐ 17.5-ஆல் வகுத்தால் சுமார் −2.2. அதாவது கோடு தேர்வுக்கு 2.2 மார்க் வீதம் இறங்குகிறது.

கணினியிலோ போனில் இருக்கும் ஷீட்டிலோ செய்தால் இது ஒரு வரி. A வரிசையில் தேர்வின் பெயர், B வரிசையில் தேர்வு எண், C வரிசையில் மார்க் இருந்தால்:

```
=SLOPE(C2:C7, B2:B7)
```

மார்க் முதலில், தேர்வு எண் அடுத்து. இந்த ஒழுங்கு முக்கியம். மாற்றிப் போட்டால் ஷீட் தப்பு என்று சொல்லாது, வேறொரு எண்ணைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். இந்தக் கணக்கில் −0.19 என்று வந்தால் இடம் மாறிவிட்டது என்று அர்த்தம்.

சரி, சாய்வு −2.2 என்று வந்துவிட்டது. அந்த அம்மாவிடம் “பையன் இறங்குகிறான்” என்று சொல்லிவிடலாமா? என்னைக் கேட்டால் இங்கே நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. கணக்குப் போட்டு வந்த எண் என்பதால் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். இன்னும் இரண்டு சோதனைகள் பாக்கி இருக்கின்றன.

முதலில், புள்ளிகள் கோட்டைவிட்டு எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். கோடு முதல் தேர்வில் ஏறக்குறைய 57.6-இல் தொடங்கி ஆறாவதில் 46.4-இல் முடிகிறது. மொத்தம் பதினோரு மார்க் இறக்கம். புள்ளிகளோ கோட்டிலிருந்து சராசரியாக நாலு மார்க் தள்ளி நிற்கின்றன. ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டில் வாங்கிய 61 கோட்டுக்கு எட்டு மார்க் மேலே நிற்கிறது. ஒரே தேர்வில் இந்த அளவுக்கு ஆடுகிற மார்க்கில், ஆறு தேர்வுகளில் பதினோரு மார்க் இறங்கியிருப்பது உறுதியான சரிவு என்று சொல்லப் போதாது. கோடு நகர்ந்த மொத்தத் தூரம், புள்ளிகள் சராசரியாகச் சிதறும் தூரத்தைப்போல நாலைந்து மடங்காவது இருந்தால்தான் நான் சாய்வை நம்புவேன். இது என் கைப்பழக்கத்து அளவுகோல். புள்ளியியலில் இதற்கு முறையான சோதனை இருக்கிறது. ஆனால் ஆறே புள்ளிகளுக்கு அதுவும் கிட்டத்தட்ட இதையே சொல்லும்.

இந்தச் சோதனையின்போதே கிராஃபை இன்னொரு தடவை உற்றுப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பு மூன்றும் 58, 52, 61. அவற்றின் சராசரி 57. பத்தாம் வகுப்பு மூன்றும் 47, 44, 50. சராசரி 47. ஒவ்வொரு வருஷத்துக்கும் தனியாகக் கோடு போட்டால், இரண்டிலுமே சாய்வு தேர்வுக்கு ஒன்றரை மார்க் ஏற்றம்தான். ஆக, தேர்வுக்குத் தேர்வு எதுவும் வழுக்கவில்லை. ஒன்பதிலிருந்து பத்துக்குப் போன இடத்தில் ஒரே ஒரு படி இறக்கம் இருக்கிறது. நேர்கோட்டுக்குப் படி தெரியாது. எந்தப் படியையும் அது சரிவாகத்தான் காட்டும். வகுப்பு மாறிய இடத்தில், பள்ளி மாறிய இடத்தில், தமிழ் மீடியத்திலிருந்து இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறிய இடத்தில் கிராஃபில் ஒரு செங்குத்துக் கோடு கிழித்துவிடுங்கள். படி இருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அந்தப் படி ஏன் வந்தது? பத்தாம் வகுப்புக் கேள்வித்தாள் கடினமாக இருந்திருக்கலாம், திருத்துவது கறாராக இருந்திருக்கலாம், பையன் உண்மையாகவே தடுமாறியிருக்கலாம். அவன் மார்க்கை மட்டும் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தாலும் இதற்கு விடை கிடைக்காது. அதே தாளை எழுதிய மற்றவர்கள் என்ன வாங்கினார்கள் என்று கேட்க வேண்டும். இரண்டாவது சோதனை அதுதான், இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: வகுப்புச் சராசரியைக் கழித்துவிட்டுக் கோடு போட வேண்டும்.

வகுப்பாசிரியரின் மார்க் ரெஜிஸ்டரில் செக்‌ஷனின் மார்க் எல்லாமே இருக்கும். பிற மாணவர்களின் மார்க்கை அவர் காட்ட வேண்டியதில்லை, சராசரியை மட்டும் சொன்னால் போதும். இந்தப் பையனின் செக்‌ஷனில் கணக்குச் சராசரி இப்படி:

| தேர்வு | எண் | மார்க் | வகுப்புச் சராசரி | இடைவெளி |
|---|---|---|---|---|
| 9 காலாண்டு | 1 | 58 | 61 | −3 |
| 9 அரையாண்டு | 2 | 52 | 50 | 2 |
| 9 முழு ஆண்டு | 3 | 61 | 60 | 1 |
| 10 காலாண்டு | 4 | 47 | 44 | 3 |
| 10 அரையாண்டு | 5 | 44 | 37 | 7 |
| 10 முதல் திருப்புதல் | 6 | 50 | 45 | 5 |

மார்க்கில் மிக மோசமாகத் தெரிந்த 44-ஐப் பாருங்கள். அந்தத் தாளில் வகுப்பே 37-இல் தான் நின்றது. ஆறு தேர்வுகளில் அவன் வகுப்பைவிட அதிகம் முன்னால் நின்றது அந்தத் தேர்வில்தான். அவன் 58 வாங்கி வீட்டில் சந்தோஷப்பட்ட காலாண்டில் வகுப்பு 61 வாங்கியிருக்கிறது.

இப்போது இடைவெளிக்குக் கோடு போடுவோம். D வரிசையில் வகுப்புச் சராசரி, E வரிசையில் இடைவெளி:

```
E2:  =C2-D2
     =SLOPE(E2:E7, B2:B7)
```

முதல் வரியை E7 வரை இழுத்துவிட்டு, இரண்டாவதைக் காலியாக உள்ள ஏதாவது ஒரு கட்டத்தில் போடுங்கள். கிடைக்கும் சாய்வு சுமார் 1.6, அதுவும் ஏற்றம். கோடு −1.6-இல் தொடங்கி 6.6-இல் முடிகிறது, மொத்தம் எட்டு மார்க். புள்ளிகள் கோட்டிலிருந்து சராசரியாக ஒன்றேகால், ஒன்றரை மார்க்தான் தள்ளி நிற்கின்றன. ஏறிய தூரம் சிதறலைப்போல ஆறு மடங்கு. மார்க்குக்குப் போட்ட கோட்டில் இது மூன்று மடங்குகூட இல்லை. தாளின் கடினம் கழிந்துபோனதும் சிதறலும் அடங்கிவிட்டது, திசையும் மாறிவிட்டது.

இதையும் ஒரு தடவை உலுக்கிப் பார்த்துவிடலாம். ஆறு தேர்வுகளில் ஒன்றை மறைத்துவிட்டு மிச்சம் ஐந்துக்கு மட்டும் சாய்வு போடுங்கள். அடுத்து வேறொன்றை மறையுங்கள். முதல் தேர்வை மறைத்தால் 1.2, கடைசித் தேர்வை மறைத்தால் 2.1, மற்றவை எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே. எதை எடுத்தாலும் ஏற்றம் ஏற்றமாகவே நிற்கிறது. ஒரே ஒரு தேர்வை மறைத்ததும் சாய்வு பூஜ்யத்துக்கு வந்துவிட்டால், அந்த ஒரு தேர்வுதான் கோட்டைத் தூக்கிப் பிடித்திருந்தது என்று தெரிந்துகொள்ளலாம். ஓரத்தில் உள்ள முதல் தேர்வுக்கும் கடைசித் தேர்வுக்கும் இந்தப் பிடி அதிகம். நடுவில் உள்ளவை கோட்டின் சாய்வை அவ்வளவாக அசைக்காது.

அந்த அம்மாவுக்கான பதில் இதிலிருந்து வருகிறது. பையன் வகுப்போடு ஒப்பிட்டால் முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறான். பத்தாம் வகுப்புத் தாள் எல்லோரையும் கீழே தள்ளியது, இவனை மற்றவர்களைவிடக் குறைவாகத் தள்ளியிருக்கிறது. ஆனால் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பொதுத் தேர்வில் இடைவெளிக்கு மார்க் போடமாட்டார்கள். தேர்ச்சிக்கு 35, பதினொன்றில் அவன் கேட்கும் குரூப்புக்கு அந்தந்தப் பள்ளி பார்ப்பது அவன் வாங்கிய மார்க். வகுப்பு 45-இல் நிற்கும்போது ஐந்து மார்க் முன்னால் இருப்பது, அவன் சரியான பாதையில் போகிறானா என்பதற்குப் பதில். 50 போதுமா என்பது வேறு கேள்வி. கணக்கு குரூப் வேண்டும் என்றால் போதாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

வகுப்புச் சராசரி எல்லாச் சமயத்திலும் நல்ல அளவுகோலாக இருக்காது. திருப்புதல் தேர்வுக்குப் பலவீனமான மாணவர்கள் பத்துப் பேர் வராமல் போனால், எழுதியவர்களின் சராசரி தானாக மேலே போகும், நம் பையனின் இடைவெளி காரணமில்லாமல் சுருங்கும். அதனால் சராசரி கேட்கும்போதே எத்தனை பேர் எழுதினார்கள் என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பதில் 40 பேர், பத்தில் 28 பேர் என்றால் இரண்டும் ஒரே வகுப்பு ஆகாது. அந்த இடத்தில் இரண்டு வருஷமும் எல்லாத் தேர்வும் எழுதிய மாணவர்களின் சராசரியை மட்டும் ஆசிரியர் எடுத்துத் தந்தால் நல்லது. சராசரியே கிடைக்காத வீட்டில், டியூஷனில் அதே செக்‌ஷனைச் சேர்ந்த ஏழெட்டுப் பேர் இருந்தால் அவர்களை வைத்தும் போடலாம். சிதறல் கூடும், ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

ஷீட்டில் அதிகம் பார்க்கும் தவறு, தேர்வு எழுதாத இடத்தில் 0 போடுவது. ரேங்க் கார்டில் ‘ஆப்சென்ட்’ என்று இருப்பதை யாரோ பூஜ்யமாக ஏற்றிவிடுவார்கள். இதே பையன் பத்தாம் வகுப்பு அரையாண்டுக்குப் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் மார்க்கின் சாய்வு −1.7. அங்கே 0 போட்டால் −6. ஒரு நாள் காய்ச்சலில் படுத்திருந்ததற்கு, தேர்வுக்கு ஆறு மார்க் வீதம் சரிகிறான் என்ற பெயர். வராத தேர்வு வெறும் கட்டமாகவே இருக்கட்டும், SLOPE அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் E வரிசையில் கழித்தல் வாய்பாட்டை அந்த வரியில் அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வெறும் கட்டத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு −37 என்று ஒரு இடைவெளியைக் காட்டும், அது ஏறும் கோட்டையே இறக்கமாகத் திருப்பிவிடும்.

எழுதிய தேர்வில் மார்க் விழுந்திருந்தால் அதை அழிக்கக் கூடாது, பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது சென்னையில் அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. வடசென்னையில் தண்ணீர் வடியப் பல நாளான தெருக்கள் உண்டு. புத்தகம் நனைந்துபோன பிள்ளைக்கும் மாடி வீட்டுப் பிள்ளைக்கும் அந்தத் தேர்வு ஒன்றல்ல. வகுப்புச் சராசரியைக் கழித்தாலும் இந்த வித்தியாசம் முழுதாகப் போகாது. புள்ளியை அப்படியே வைத்து, பக்கத்தில் ‘வெள்ளம்’ என்று எழுதி, அதை மறைத்தும் மறைக்காமலும் இரண்டு சாய்வுகளைப் பாருங்கள். இரண்டும் ஒரே திசையைக் காட்டினால் குழப்பமில்லை.

தேர்வு எண்ணுக்குப் பதிலாக மாதத்தை வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம். செப்டம்பர், டிசம்பர், ஏப்ரல், அடுத்த செப்டம்பர், டிசம்பர், ஜனவரி என்று தேர்வுகள் சம இடைவெளியில் நடப்பதில்லை. முதல் செப்டம்பரை 0 என்று வைத்தால் 0, 3, 7, 12, 15, 16 என்று வரும். இந்தப் பையனுக்கு அப்படிப் போட்டால் மாதத்துக்குச் சுமார் அரை மார்க் வீதம் இடைவெளி கூடுகிறது. சொல்லும் செய்தி அதேதான். டிசம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவே ஒரே மாதம் இருப்பதால், ஒருவன் கடைசி இரண்டு தேர்வில் திடீரென்று மாறியிருந்தால் மாதக் கணக்கில் அது இன்னும் தெளிவாகத் தெரியும்.

கோட்டை நீட்டி பொதுத் தேர்வு மார்க்கை ஜோசியம் பார்ப்பது மட்டும் வேண்டாம். அடுத்த ஒரு தேர்வு வரைக்கும் நீட்டலாம், அதுவும் ஒரு எதிர்பார்ப்பை வைத்துக்கொண்டு சோதிப்பதற்காக. இந்தப் பையனின் இடைவெளிக் கோடு இரண்டாம் திருப்புதலில் எட்டுப் பக்கம் நிற்கும். இதுவரை புள்ளிகள் கோட்டிலிருந்து அதிகபட்சம் இரண்டு மார்க் விலகியிருக்கின்றன. அதனால் இடைவெளி 6-க்கும் 10-க்கும் நடுவே வந்தால் கோடு சொன்னபடியே போகிறான். நாலைந்து என்று வந்தால் இன்னொரு தேர்வு பார்க்கலாம். இரண்டுக்குக் கீழே வந்தால் கோட்டை மூடி வைத்துவிட்டு விடைத்தாளை எடுங்கள். எந்தப் பகுதியில் மார்க் போயிருக்கிறது, ஒரு மார்க் கேள்வியிலா, எட்டு மார்க் கிராஃபிலும் ஜாமெட்ரியிலுமா என்று பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டிய இடம் அது.